நாலேகால் லட்சம் என்றால் வேண்டாமாம்

அமிர்தவல்லியை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். பிடிக்காமல் அல்ல. பதினெட்டு வருடமாக ஒரே கடையில், ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். அவள் முத்து கோப்பாள், நான் பில் போடுவேன். கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். என் தங்கையை விட அவளைத்தான் எனக்கு அதிகம் தெரியும். இருந்தாலும் கோபம் வரும். இவ்வளவு நல்ல கண்ணையும் இவ்வளவு நேரான வாயையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தவனை என்ன சொல்வது!

எங்கள் கடை போர்ட் பிளேரில் அபர்டீன் பஜார் மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரம். முத்து, சங்கு, சிப்பி நகைகள். கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகிறவர்கள் செல்லுலார் ஜெயிலைப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம்தான் வருவார்கள். முதலாளி சந்திரசேகர். அவருடைய அப்பா தொடங்கிய கடை. அந்தப் பெரியவர் வைத்த ஒரு வழக்கம்தான் எங்கள் கடைக்கே பெயர் வாங்கிக் கொடுத்தது. எந்தப் பொருளாக இருந்தாலும் விலைச்சீட்டில் இரண்டு விலை எழுதுவோம். மேலே பென்சிலில் 'மெயின்லேண்டில் இவ்வளவு'. கீழே பேனாவில் 'இங்கே இவ்வளவு'. கீழே இருப்பது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், பொய்யும் இருக்காது, லாபத்தைக் குறைத்துத்தான் போடுவோம். இந்தத் தீவில் எதைத் தொட்டாலும் கப்பல் கூலி ஏறித்தான் வரும். தக்காளி கூட அப்படித்தான். அதனால் மெயின்லேண்டை விடக் குறைவு என்று சொன்னால் ஜனம் பாய்ந்துவிடும். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நன்னீர் முத்துச் சரம் ஒரு சீசனில் இருநூறு போகும். ஒருமுறை அதையே இரண்டாயிரத்து இருநூறு ஆக்கிப் பார்த்தோம். எண்பது கூடப் போகவில்லை. மறுபடியும் இறக்கினோம், மறுபடியும் போனது. உலகம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சீட்டுகளை எழுதுகிறவள் அமிர்தவல்லி. எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

அவள் பிறந்தது கச்சால் தீவில். அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் வேலை தருகிறோம் என்று கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அப்பாவுக்குப் புகைக் கூடத்தில் வேலை. காய்ந்த ரப்பர் ஷீட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிப்பாராம். பள்ளி விட்டு வந்ததும் இவளும் பக்கத்தில் நின்று பிரிப்பாளாம். முதல் தரத்துக்கு ஒரு விலை, மூன்றாம் தரத்துக்கு ஒரு விலை. தரத்தைப் பார், விலை தானாக வரும். அவளுக்கு வாழ்க்கையில் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

சுனாமியில் கச்சால் வீடு போனது. அப்பாவும் போனார். அவளும் புருஷன் கணபதியும் ஒரு பெண் குழந்தையோடு கப்பல் ஏறிப் போர்ட் பிளேருக்கு வந்தார்கள். கணபதிக்கு ஹாடோ துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. இவள் எங்கள் கடைக்கு வந்தாள். முதல் நாள் முதலாளி ஒரு தட்டு முத்தைக் கொட்டி, "தேக்கோ, இதுல நல்லது எது?" என்று சோதித்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் மூன்று குவியலாகப் பிரித்துக் கொண்டுவந்தாள். வியாபாரி முதல் தரம் என்று காசு வாங்கியதில் பாதி மூன்றாவது குவியலில் கிடந்தது. முதலாளி அன்றைக்கே வேலை கொடுத்தார்.

பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்கு மேல் சிதறக் கூடாது, ஒன்றோடு ஒன்று உரசவும் கூடாது. அவள் போட்ட முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை ஹைதராபாத் மொத்த வியாபாரியிடமிருந்து சவுத் ஸீ முத்து கொஞ்சம் வரும். பொன் நிறம். காதணிக்கும் மோதிரத்துக்கும் போகும். ஒவ்வொரு தவணையிலும் மிகச் சிறந்த நாலைந்தை அமிர்தவல்லி தனியாக எடுத்து ஒரு வெல்வெட் துணியில் முடிந்து வைப்பாள். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான். "எல்லாம் ஒரே நிறம், ஒரே பளபளப்பு, ஒரு புள்ளி கூட இல்லாம ஒரு சரம் சேக்கணும் அண்ணே" என்றாள். அவரும் சரி என்றார். அப்படிச் சேர்த்தது ஐந்து வருடம். நாற்பத்தொரு முத்து. நடுவே பெரியது, இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாகச் சிறுத்துக்கொண்டே போகும். அவள் கோத்து முடித்த அன்று நானே பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நகை என்றால் எரிச்சல். நாள் முழுதும் நகைக்குப் பில் போடுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் அதைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன்.

அதற்கும் இவள் சீட்டு எழுதினாள். 'மெயின்லேண்டில் 5,10,000. இங்கே 4,25,000.' அடக்க விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரம், கடை லாபம், தங்கக் கொக்கி, எல்லாம் சேர்த்து நேர்மையான கணக்கு.

ஒரு வருடம் முழுக்க அது கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வாங்குகிற வசதி உள்ளவர்கள் வராமல் இல்லை. வருவார்கள், குனிந்து பார்ப்பார்கள், முகம் மலரும். பிறகு சீட்டைப் பார்ப்பார்கள். மலர்ந்தது மூடிக்கொள்ளும். இவளோ விளக்கிக்கொண்டே இருப்பாள். "அக்கா, மெயின்லேண்ட்ல இதுக்கு அஞ்சு பத்து. இங்க எண்பத்தஞ்சாயிரம் கம்மி." அவர்கள் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் வேறு எதையாவது பார்ப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதிகம் என்று நினைக்கிறார்களோ என்று முதலாளி மூன்று லட்சத்து எழுபதுக்கு இறக்கினார். அதன் பிறகு குனிந்து பார்ப்பவர்கள் கூடக் குறைந்துபோனார்கள். மறுபடியும் நாலேகாலுக்கே ஏற்றி வைத்தார்.

பிப்ரவரியில் முதலாளி பொறுமை இழந்தார். "பஸ், போதும் அமிர்தம். மூணு லட்சம் தூங்கிக்கிட்டு இருக்கு. மே மாசத்துக்குள்ள போகலேன்னா சரத்தை அறுத்துடுவோம். இருபது ஜோடி காதணி. சீசன்ல ஒரு வாரத்துல காலியாகிடும்."

சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, முத்துதானே? உன் வீட்டுச் சொத்தா போகுது?" என்றேன். எனக்கு அப்படித்தான் பேச வரும்.

"இல்ல புள்ள. கச்சால்ல நாங்க பிரிச்ச ஷீட்டு எல்லாம் டயராப் போச்சு. இங்க கோத்ததெல்லாம் எந்த ஊருக்குப் போச்சுன்னே தெரியாது. இது ஒண்ணாச்சும் முழுசா இருக்கட்டும்னு ஆசப்பட்டேன். யாருகிட்ட வேணாலும் இருக்கட்டும். அறுக்காம இருந்தாப் போதும்." கண் கலங்கியிருந்தது. டிபன் மூடியை நானே திறந்து அவள் பக்கம் தள்ளினேன். அது வேறு எரிச்சல்.

அந்த வாரமே ராஜகுமாரி மேடம் வந்தார்கள். கைதிகள் காலத்திலேயே இங்கே வந்து தங்கிய குடும்பம். வீட்டுக்காரருக்குக் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் கான்ட்ராக்ட். பேச்சில் பாதி இந்தி, பாதி தமிழ். ஊரில் எந்தக் கல்யாணத்திலும் முதல் வரிசை நாற்காலி அவர்களுடையது. சரத்தைப் பார்த்தார்கள். கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மொத்தம் இருபது நிமிடம். பிறகு சீட்டைப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்கள். வாசலில் நின்று காருக்காகக் காத்திருந்தபோது போனில் யாரிடமோ பேசியது என் காதில் தெளிவாக விழுந்தது.

"அரே, அழகாத்தான் இருக்கு. ஆனா நாலேகால்தானாம். அதுவும் மெயின்லேண்டை விட சஸ்தான்னு சீட்டுல எழுதியே வெச்சிருக்கா. போட்டுட்டுப் போனா நாளைக்கு நீலாவதியும் வாங்கிப் போட்டுக்குவா. பேங்க் மேனேஜர் பொண்டாட்டி கூட லோன் போட்டு வாங்கிடுவா. அப்புறம் எனக்கு என்ன மரியாதை?"

எனக்குத் தலை சுற்றியது. ஒரு வருடமாகச் சரம் போகாததற்குக் காரணம் விலை அதிகம் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். இந்த அம்மாவுக்கு விலை குறைவாக இருப்பதுதான் குறை! முத்து அழகாக இருக்கிறதா என்பதல்ல கேள்வி. பக்கத்து நாற்காலிக்காரியால் வாங்க முடியாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதிலும் நாங்கள் 'மலிவு, மலிவு' என்று பென்சிலால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சரத்தை விற்கிற சீட்டு, இதைக் கொன்றுகொண்டிருந்தது.

முதலாளியிடம் போய் அப்படியே சொன்னேன். அன்று மாலையே சரம் கடை நடுப்பெட்டியிலிருந்து அவருடைய மேஜைக்குப் பின்னால் பூட்டிய அலமாரிக்கு இடம் மாறியது. பென்சில் வரி போனது. பதினோரு லட்சம் என்று புதுச் சீட்டு எழுதச் சொன்னார்.

அமிர்தவல்லி பேனாவை எடுக்கவில்லை. "அண்ணே, காலையில நாலேகாலு. சாயந்தரம் பதினொண்ணா? முத்து அதேதானே?"

"முத்து அதேதான்மா. அறுக்கணுமா, எழுதணுமா?"

எழுதினாள். அச்சுப் போல இருக்கும் அவள் எழுத்து அன்றைக்குக் கோணலாக விழுந்தது.

கேளுங்கள். ஒரு வருடம் யாரும் சீண்டாத பொருள். இரண்டு வாரத்தில் மூன்று பேர் 'அந்த அலமாரியில் இருப்பதைக் காட்டுங்கள்' என்று கேட்டு வந்தார்கள். ஒருவர் ரிசார்ட் முதலாளி, ஒருவர் கொல்கத்தா டாக்டரின் மனைவி. மூன்றாவது ராஜகுமாரி மேடம். முன்பு பார்த்த அதே சரம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "அப்போ விலை தப்பா போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா மேடம், கவனிக்காம விட்டுட்டோம்" என்று முதலாளி சொன்னார். அவ்வளவுதான். ஒரு வருடமாக விலை கண்ணை உறுத்தியது, இப்போது கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

பேரம் நடந்தது. அதுதான் உச்சம். பதினோரு லட்சத்துக்கு ஆசைப்பட்ட அம்மா, உள்ளறைக்குள் போனதும் எட்டரைக்குக் கேட்டார்கள். கொடுக்கிறது குறைவாக இருக்க வேண்டும், ஊர் நினைக்கிறது மட்டும் அதிகமாக இருக்க வேண்டும். கடைசியில் ஒன்பதரைக்கு முடிந்தது. பிறகு, "பில்லை மட்டும் பதினொண்ணுக்குப் போடுங்க" என்றார்கள்.

"மேடம், பில்லுல என்ன இருக்கோ அதுக்குத்தான் டாக்ஸ்" என்றேன் நான்.

ஒரு நிமிடம் யோசித்தார்கள். "டீக் ஹை. பில்லை யாரு பார்க்கப் போறா? சீட்டு மட்டும் பதினொண்ணாவே இருக்கட்டும். பெட்டியோட குடுங்க."

சரம் அறுபடாமல் போனது. அமிர்தவல்லி அன்றைக்கு இரண்டு நாள் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டாள். முதலாளி அவளுக்கு ஐந்தாயிரம் ரூபாயும் ஒரு கிலோ மைசூர்பாகும் கொடுத்தார். ஐந்து வருட வேலைக்கு மைசூர்பாகு! அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. முழுசாகப் போனது, அது போதும் அவளுக்கு.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

நீலாவதி அம்மாள் தன்னுடைய பழைய முத்துச் சரத்தை மறுபடியும் கோக்கக் கொண்டுவந்தார்கள். மூன்று கண்ணாடிப் படகும் ஒரு ஹோட்டலும் அவர்களுக்கு. ராஜகுமாரி மேடத்துக்கும் இவர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஆனால் எங்கும் ஒன்றாகத்தான் போவார்கள். நான் அப்போது கடையில் இல்லை, ஜி.எஸ்.டி. வேலையாக ஆடிட்டரிடம் போயிருந்தேன். நீலாவதி அம்மாள் பேச்சுவாக்கில், "ராஜகுமாரியோட சரம் நீதான் கோத்தியாமே, கியாரா லாக், பதினோரு லட்சம்னு சொல்லிக்கிறா, நிஜமா?" என்று கேட்டிருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். இவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே, "நாங்க முதல்ல நாலேகாலுக்குத்தான் அக்கா போட்டிருந்தோம். அப்புறம் ஏத்துனாங்க" என்றாளாம். அதைத் திரும்பி வந்த என்னிடம் வேறு சாதாரணமாகச் சொன்னாள். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷன். இருநூறு பேர் நடுவில் நீலாவதி அம்மாள், "ஓ, இதுதான் அந்த நாலேகால் லட்சத்துச் சரமா? நல்லாத்தான் இருக்கு" என்று சத்தமாகப் பாராட்டினார்களாம். ராஜகுமாரி மேடம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை கடை திறந்த பதினைந்தாவது நிமிடம் காரிலிருந்து இறங்கினார்கள். பெட்டியை மேஜைமேல் தள்ளினார்கள். "ஒரு மாசத்துக்குள்ள திருப்பி எடுத்துக்குவோம்னு உங்க போர்டுலயே இருக்கு. எடுத்துக்குங்க. என் பணத்தைக் குடுங்க. நேத்து வரைக்கும் இது எவ்வளவு அழகு! இன்னிக்குப் பார்த்தா கண்ணாடி மணி மாதிரி இருக்கு."

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. ஒன்பதரை லட்சத்தில் பாதியைப் புதுச் சரக்குக்கு அனுப்பியிருந்தார். அமிர்தவல்லியைப் பார்த்து, "உன் வாயால கெட்டுது. இது திரும்பி வந்தா, இன்னிக்கே உன் கையாலதான் அறுப்பே" என்றார்.

ராஜகுமாரி மேடம் ஒரு வழியும் சொன்னார்கள். நீலாவதி அம்மாள் கோக்கக் கொடுத்த தன் பழைய சரத்தை வாங்கப் பதினோரு மணிக்கு வருவார்கள். அப்போது அவர்கள் முன்னால் அமிர்தவல்லி சொல்ல வேண்டும், நாலேகால் என்றது வேறு சரத்தை என்று. சொன்னால் சரம் இவர்களோடு போகும். சொல்லாவிட்டால் பணம்.

"ஒரே ஒரு வார்த்தைக்கா. வேற சரம்னு சொல்லிடு. உன் முத்து முழுசா இருக்கும்" என்று காதோரம் கெஞ்சினேன்.

"வேற சரமே இல்லையே, சுகுணா" என்றாள். அவளை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நீலாவதி அம்மாள் பதினொன்று ஐந்துக்கு வந்தார்கள். ராஜகுமாரி மேடத்தைப் பார்த்ததும் சிரிப்பு. கடையில் நாங்கள் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர்.

"சொல்லு அமிர்தவல்லி. இதோட விலை என்னா?" என்றார்கள் ராஜகுமாரி மேடம்.

அமிர்தவல்லி பெட்டியைத் திறந்தாள். சரத்தைக் கையில் எடுத்தவள் பதில் சொல்லாமல் முகர்ந்து பார்த்தாள். "அக்கா, சென்ட் அடிச்சுக்கிட்டு அதுமேல போட்டிருக்கீங்க. முத்து செத்துப்போகும்" என்று மெதுவான துணியால் ஒவ்வொரு மணியாகத் துடைக்க ஆரம்பித்தாள். முதலாளி கண்ணால் ஜாடை காட்டிக்காட்டிக் களைத்துப்போனார்.

"நாலேகாலுன்னு சீட்டு எழுதினது நான்தான். இந்தச் சரத்துக்குத்தான்" என்றாள்.

முடிந்தது என்று நினைத்தேன். நீலாவதி அம்மாள் வெற்றியோடு கைப்பையைத் தோளில் மாட்டினார்கள். ராஜகுமாரி மேடம் முதலாளி பக்கம் திரும்பினார்கள்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை. குரல் உடைந்து வந்தது. பதினெட்டு வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "எழுதினது என் புத்தி கெட்ட வேல. அடக்கம் இவ்வளவு, லாபம் இவ்வளவுன்னு கூட்டிப் போட்டேன். ரெண்டாயிரத்து அறுநூறு முத்துலருந்து நாப்பத்தொண்ண எடுத்தேன். அஞ்சு வருசம். அத யாரு கூட்டுனா? எல்லாருக்கும் விலதான் வேணும், முத்த யாரும் பாக்க மாட்டேங்குறீங்க. திருப்பித் தர்றீங்களா, தாங்க. இதுக்கு மேல எவ வந்து பதினெட்டு லட்சம் குடுக்குறேன்னாலும் நான் தர மாட்டேன். பணம் இல்லாட்டியும் என் சாவு வரைக்கும் இத அறுக்க விட மாட்டேன்!"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் அழுகிறாள் என்பதைக் கவனித்தது நான் மட்டும்தான். மற்ற மூன்று பேரும் வேறொன்றைக் கேட்டுவிட்டார்கள்.

"பதினெட்டா?" என்றார்கள் நீலாவதி அம்மாள், மெதுவாக.

ராஜகுமாரி மேடம் கையை நீட்டிச் சரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்து 'டப்' என்று மூடினார்கள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "கேட்டியா? அட்டாரா லாக் குடுத்தாலும் தர மாட்டாங்களாம். ஆரம்பத்துல நாலேகாலுக்குக் கண்ணு தெரியாம போட்டுட்டாங்க. நான்தான் முதல்லயே கண்டுபிடிச்சேன்." காருக்கு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே.

நீலாவதி அம்மாள் முதலாளி பக்கம் திரும்பினார்கள். "எனக்கு ஒண்ணு வேணும். இருபதுல."

முதலாளி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆகட்டும் மேடம்."

அது எப்படி ஆகும்? இன்னொரு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். முதலாளி மொத்த வியாபாரியிடமிருந்து கோத்து முடித்த சரம் ஒன்றை ஒரே வாரத்தில் வரவழைத்தார். அமிர்தவல்லி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நிறம் இரண்டு விதமாக இருக்கிறது, ஏழு முத்தில் குழி இருக்கிறது என்றாள். குழியை முடிச்சுப் பக்கம் திருப்பிக் கோக்கச் சொன்னார் முதலாளி. கோத்தாள். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா? நீலாவதி அம்மாளிடமே, "அக்கா, இது அவங்க சரம் அளவுக்குத் தரம் இல்ல" என்றாள்.

"இது எவ்வளவு?"

"இருபதுன்னு போட்டிருக்காங்க."

"அவளோடது?"

"பதினொண்ணுன்னு போட்டிருந்தாங்க."

"அப்ப எது ஒசத்தி?" என்று கேட்டு, பாவம் என்கிறது போல அவள் தோளில் தட்டிவிட்டுப் பணத்தைக் கட்டினார்கள்.

பிறகு பதினைந்து நாள் கழித்து ராஜகுமாரி மேடம் மறுபடி வந்தார்கள். இந்த முறை டிரைவரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு. ரகசியமாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். சொல்கிறேன், எனக்கென்ன. அந்த நாற்பத்தொரு முத்தைப் போலவே அதே அளவில், அதே நிறத்தில், சிப்பிப் பூச்சு பூசிய கண்ணாடி மணியில் ஒரு சரம் வேண்டுமாம். விலை மூன்றாயிரம்.

"அப்ப அது?" என்றாள் அமிர்தவல்லி.

"பேங்க் லாக்கர்ல. பதினெட்டு லட்சத்துப் பொருளைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரிய முடியுமா? எல்லாருக்கும்தான் தெரியுமே என்கிட்ட இருக்குன்னு. எதைப் போட்டா என்ன?"

அமிர்தவல்லி கண்ணாடி மணியைக் கோத்துக் கொடுத்தாள். முடிச்சில் ஒரு குறை வைக்கவில்லை. அந்த வாரக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்றாயிரம் ரூபாய்ச் சரத்தைப் பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அசல்னா அசல்தான்" என்றாள் ஒருத்தி. எனக்குப் பந்தியில் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் அதைச் சொன்னபோது அமிர்தவல்லி கோபப்படவில்லை. கவலைப்பட்டாள். "லாக்கர் காஞ்ச இடம் புள்ள. முத்துக்கு ஈரம் வேணும், ஒடம்புச் சூடு வேணும். போட்டுக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி வருசக்கணக்குல மங்கி, மயிரு மயிராக் கீறிடும். முழுசா இருந்து என்ன பண்ண?"

என் போனை வாங்கி ராஜகுமாரி மேடத்துக்கு அடித்தாள். மாதம் ஒரு தடவையாவது எடுத்து ஒரு மணி நேரம் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி மறுபடி அடித்தாள். அதற்கடுத்த மாதமும். நோயாளியை விசாரிக்கிறது போல விசாரிப்பாள். "எடுத்தீங்களா அக்கா? வெளிச்சத்துல பாத்தீங்களா? நல்லா இருக்குதா?" அவர்கள் சரி சரி என்பார்கள். அவள் நிம்மதியாகப் போனைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

போன வாரம் நீலாவதி அம்மாள் கடைக்குள் புயல் போல வந்தார்கள். முதலாளியிடம் நேராகச் சண்டை.

"ராஜகுமாரிக்கு மட்டும் மாசாமாசம் கடையிலேருந்து போன் பண்ணி நகையை விசாரிக்கிறீங்களாமே! அவ்வளவு ஒசந்த பொருளாம், கடைக்காரங்களுக்கே தூக்கம் வரலையாம். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா. நான் இருபது லட்சம் குடுத்திருக்கேன். எனக்கு ஏன் போன் வரல?"

முதலாளி உடனே அமிர்தவல்லியைப் பார்த்தார். இனி ஒன்றாம் தேதி அவர்களுக்கும் பேச வேண்டும் என்றார்.

அமிர்தவல்லி ஊசியைக் கீழே வைத்தாள். "அக்கா, அவங்க ஒவ்வொரு மாசமும் லாக்கர்லருந்து எடுத்துப் போட்டுக்குறாங்கதானே? உங்ககிட்ட சொன்னாங்களா?"

"எங்க எடுத்தா? வெச்ச அன்னிக்குப் பூட்டினதுதான். சாவியே புருஷன்கிட்ட சென்னையில இருக்கு" என்று சொல்லிவிட்டு, நீலாவதி அம்மாள் தன் போன் நம்பரைச் சீட்டில் எழுதி அவள் முன்னால் வைத்தார்கள்.